சைனிக் பள்ளி ஆறாம் வகுப்புச் சேர்க்கை: படிவம் திறக்கும் முன்பே கையில் இருக்க வேண்டியவை

உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதிநகரில் 1962 முதல் இயங்கிவரும் சைனிக் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க நினைக்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, 'ஃபார்ம் எப்போது வரும்?' என்பதுதான். அதற்கு நிலையான பதில் கிடையாது. நாடு முழுவதும் உள்ள சைனிக் பள்ளிகளுக்குச் சேர்த்து தேசிய தேர்வு முகமை ஒரே நுழைவுத் தேர்வு நடத்துகிறது. 2024-25 சேர்க்கைக்கான படிவம் 2023 நவம்பர் 7 அன்று திறந்தது. தேர்வு ஜனவரி 28. அடுத்த ஆண்டுப் படிவம் டிசம்பர் 24 அன்றுதான் வந்தது. தேர்வு ஏப்ரல் 5. அதற்கடுத்த ஆண்டு அக்டோபர் 10 அன்றே திறந்துவிட்டது. தேர்வு ஜனவரி 18. போன வருடத் தேதியை நம்பி டிசம்பர் வரை காத்திருந்தவர்களுக்கு அந்த ஆண்டு படிவமே கிடைக்கவில்லை.

படிவம் திறந்திருப்பது மூன்று வாரம் முதல் ஒன்றரை மாதம் வரை. கடைசி நாளைச் சில நாட்கள் தள்ளிவைப்பது வழக்கம்தான், ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது. செப்டம்பர் முடிவதற்குள் எல்லாச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டால், எந்த மாதம் திறந்தாலும் கவலையில்லை. அக்டோபர் முதல் exams.nta.nic.in தளத்தில் இந்தத் தேர்வின் ஆங்கிலச் சுருக்கப் பெயரான AISSEE என்ற தலைப்பை வாரம் ஒருமுறை பாருங்கள்.

வயது

சேரும் ஆண்டின் மார்ச் 31 அன்று பிள்ளைக்கு 10 வயது நிறைந்திருக்க வேண்டும், 12 தாண்டியிருக்கக் கூடாது. 2027-28 சேர்க்கை என்றால் 1.4.2015-க்கும் 31.3.2017-க்கும் இடையில் பிறந்தவர்கள். ஒரு நாள் தள்ளினாலும் கணினி படிவத்தை ஏற்காது.

பலர் கவனிக்காத ஒன்று: இந்த இடைவெளி இரண்டு ஆண்டு என்பதால் ஒரு பிள்ளைக்கு இரண்டு வாய்ப்பு உண்டு. 2016 செப்டம்பரில் பிறந்த பிள்ளை 2027 சேர்க்கைக்கும் எழுதலாம், கிடைக்காவிட்டால் 2028 சேர்க்கைக்கும் எழுதலாம். இரண்டாம் முறை எழுதும்போது வெளியே ஆறாம் வகுப்பில் இருப்பான். கிடைத்தால் மறுபடி ஆறிலிருந்து தொடங்க வேண்டும். ஓராண்டு போகிறதே என்று தயங்குகிறவர்கள் முதல் முறையையே முழுத் தயாரிப்போடு எழுதவைப்பது நல்லது. பெண் பிள்ளைகளும் ஆறாம் வகுப்புக்கு விண்ணப்பிக்கலாம். அவர்களுக்குத் தனியாக இடங்கள் உண்டு.

சான்றிதழ்கள்: சிக்கல் வரும் மூன்று இடங்கள்

முதலாவது பிறப்புச் சான்றிதழ். மருத்துவமனையில் பதிவு செய்த கையோடு வாங்கிய சான்றிதழில் பிள்ளையின் பெயரே இல்லாமல் இருப்பது நம் ஊரில் சாதாரணம். எங்கே பதிவாயிற்றோ அந்த உள்ளாட்சி அலுவலகத்தில்தான் பெயர் சேர்க்க வேண்டும். பதிவான நாளிலிருந்து 15 ஆண்டு வரை சேர்க்க முடியும் என்பதால் பத்து வயதுப் பிள்ளைக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் படிவம் திறந்த பிறகு ஓடினால் நேரம் போதாது. அடுத்தது இனிஷியல். பிறப்புச் சான்றிதழில் 'கவின்' என்று மட்டும் இருக்கும், ஆதாரில் 'கவின் மு' என்று இருக்கும், பள்ளிப் பதிவேட்டில் அப்பா பெயர் முழுதாகச் சேர்ந்திருக்கும். பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்ற இரண்டையும் அதற்கேற்பத் திருத்திவிட்டு, படிவத்திலும் அதே எழுத்துகளைத் தட்டச்சு செய்யுங்கள்.

இரண்டாவது, எந்த மாநிலத்தவர் என்பதற்கான சான்று. இது வெறும் சம்பிரதாயம் இல்லை. ஒவ்வொரு சைனிக் பள்ளியிலும் 67 சதவீத இடம் அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு, மீதி 33 சதவீதம் பிற மாநிலத்தவர்களுக்கு. அமராவதிநகரில் தமிழ்நாட்டுப் பட்டியலில் வர வேண்டுமானால் மாநிலத்தைச் சரியாகக் குறிப்பிட்டு அதற்கான சான்றைக் கொடுக்க வேண்டும். இங்கே அதற்குப் பயன்படுவது வட்டாட்சியர் அலுவலகம் தரும் பிறப்பிடச் சான்றிதழ், அதாவது நேட்டிவிட்டி. இ-சேவை மையத்தில் குடியிருப்புச் சான்றிதழும் ஒன்று உண்டு. அவசரத்தில் அதை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பிக்கும்போது சான்றின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். விஏஓ, வருவாய் ஆய்வாளர் என்று மேசை மேசையாக நகர்ந்து வர வேண்டியது, ஆகவே ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

மூன்றாவதுதான் தமிழ்நாட்டுப் பெற்றோர் அதிகம் தவறுகிற இடம். வீட்டில் பிசி அல்லது எம்பிசி என்று போட்ட சாதிச் சான்றிதழ் இருக்கும். அது மாநில அரசின் வகைப்பாடு. சைனிக் பள்ளியில் 27 சதவீத இடஒதுக்கீடு மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் உள்ளவர்களுக்கு, அதிலும் வசதி படைத்தவர்கள் என்று ஒதுக்கப்படும் கிரீமிலேயரில் வராதவர்களுக்கு மட்டும். அதற்கு மத்திய அரசுப் படிவத்தில் தனியாக ஓபிசி சான்றிதழ் வாங்க வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். இதில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது என்பது தெரியாமல், சம்பளத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு 'நமக்குக் கிடையாது' என்று பொதுப் பிரிவில் போட்டுவிடுகிறார்கள். அதே நேரம், அரசுப் பணியில் பெற்றோரின் பதவி நிலையே சிலரைக் கிரீமிலேயரில் கொண்டுபோய்விடும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வருமானம் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. அதனால் பழைய சான்று செல்லாது, அந்தச் சேர்க்கைக்கென்று புதிதாக வாங்கியது வேண்டும். பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5 சதவீதம் உண்டு; அவர்களுக்கு இந்த வருமானக் கணக்கு இல்லை. படைவீரர், முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருப்பதால் பணிச் சான்றையும் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

படிவம் நிரப்பும்போது

பிள்ளையின் புகைப்படம், கையெழுத்து, இடது பெருவிரல் ரேகை ஆகியவற்றை ஸ்கேன் செய்து பதிவேற்ற வேண்டும். கையெழுத்தைப் பெற்றோர் போடக் கூடாது. பத்து வயதுப் பிள்ளை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி போடும் என்பதால், ஒரே மாதிரி போட ஒரு வாரம் பழக்குங்கள்.

பிரவுசிங் சென்டரில் போய் நிரப்புகிறவர்கள் ஒன்றில் விடாப்பிடியாக இருக்க வேண்டும்: செல்பேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்கட்டும். வேலை சுலபமாக முடிய வேண்டும் என்று கடைக்காரர் தம் மின்னஞ்சலைப் போட்டுவிடுவது உண்டு. பிறகு கலந்தாய்வுச் செய்தி அவருக்குப் போகும், உங்களுக்கு வராது. படிவம் மூடிய பிறகு திருத்தத்துக்கு இரண்டு மூன்று நாள் தருவார்கள், ஆனால் எல்லாக் கட்டங்களையும் அதில் மாற்ற முடியாது.

வினாத்தாளின் மொழியையும் இங்கேயே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழில் எழுதலாம். தமிழைத் தேர்ந்தெடுத்தால் மொழிப் பகுதியும் தமிழிலேயே வரும். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளையை, பள்ளி ஆங்கிலவழி என்பதற்காகத் தேர்வையும் ஆங்கிலத்தில் எழுதவைப்பது வீண் வேலை. ஆங்கிலத்தைச் சேர்ந்த பிறகு பிடித்துக்கொள்ளலாம்.

தேர்வு: கணக்கு விட்டால் எல்லாம் போயிற்று

மொத்தம் 125 கேள்வி, 300 மதிப்பெண், இரண்டரை மணி நேரம். கணக்கில் 50 கேள்விக்குத் தலா 3 என்று 150. மொழி, நுண்ணறிவு, பொது அறிவு மூன்றிலும் 25 கேள்விக்குத் தலா 2 என்று 50, 50, 50. தகுதி பெற ஒவ்வொரு பகுதியிலும் 25 சதவீதமும், மொத்தத்தில் 40 சதவீதமும் எடுக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு இந்தக் குறைந்தபட்ச விதி இல்லை.

இதை ஒரு பிள்ளையின் கணக்கில் பார்ப்போம். மொழியில் 42, நுண்ணறிவில் 40, பொது அறிவில் 30, கணக்கில் 12 கேள்வி சரியாக எழுதி 36. மொத்தம் 148, தேவைப்பட்ட 120-ஐ விட நன்றாகவே கூடுதல். ஆனாலும் இந்தப் பிள்ளை தகுதி பெறவில்லை. கணக்கில் 25 சதவீதம் என்பது 37.5, அதைத் தொட 13 கேள்வி சரியாக இருக்க வேண்டும். ஒரே ஒரு கேள்வியில் போய்விட்டது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது என்பதால், தெரியாத கேள்விக்கும் ஒரு வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டுத்தான் எழ வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். தகுதி பெறுவதும் இடம் கிடைப்பதும் ஒன்றல்ல. 120-ஐத் தாண்டியவர்கள் ஏராளமாக இருப்பார்கள்.

கணக்கில் பிள்ளைகள் தடுமாறுவதற்குக் காரணம் பாடத்திட்டம். ஐந்தாம் வகுப்பு முடிக்காத பிள்ளைக்கான தேர்வுதான், ஆனால் கேட்பதோ விகிதம், மீ.பொ.வ., மீ.சி.ம., லாப நட்டம், சதவீதம், தனிவட்டி, கன அளவு. நம் சமச்சீர்ப் புத்தகத்தில் விகிதமும் லாப நட்டமும் ஆறாம் வகுப்பில் வருகின்றன; சதவீதமும் தனிவட்டியும் ஏழாம் வகுப்பில். வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளையும் இவற்றைப் பார்த்திருக்காது. ஜூனிலேயே ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, பின்னம், தசமம் உறுதியானதும் விகிதத்துக்குப் போய், அங்கிருந்து சதவீதம், வட்டி என்று நகர்த்துங்கள். பின்னம் ஆடினால் மற்றதெல்லாம் ஆடும். செப்டம்பருக்குள் பாடம் முடிந்தால்தான் மாதிரித் தேர்வுக்கு நேரம் கிடைக்கும். நுண்ணறிவுப் பகுதிக்கு உருவ வரிசை, எண் வரிசை, ஒப்புமை என்று தினம் இருபது நிமிடம் போதும்.

வீட்டில் மாதிரித் தேர்வு வைக்கும்போது ஓஎம்ஆர் தாளை அச்செடுத்து, பால்பாயின்ட் பேனாவிலேயே நிரப்பவையுங்கள். அழிப்பானுக்குப் பழகிய கை இது. ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டு அதன் வட்டத்தைத் தாண்ட மறந்தால், அதற்குப் பிறகு எல்லா விடையும் ஒரு வரிசை தள்ளிப் போய்விடும். ஐந்து கேள்விக்கு ஒருமுறை எண்ணைச் சரிபார்க்கும் பழக்கம் இதைத் தடுக்கும். நிஜத் தேர்வு பிற்பகல் 2 மணிக்கு. மாதிரித் தேர்வையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகே வையுங்கள், தூக்கம் வரும் நேரம் அது.

முடிவு வந்த பிறகு

மதிப்பெண் அட்டை வந்துவிட்டது, பள்ளியிலிருந்து கூப்பிடுவார்கள் என்று இருந்துவிடாதீர்கள். இணையக் கலந்தாய்வுக்குத் தனியாகப் பதிவு செய்து பள்ளிகளை விருப்ப வரிசையில் கொடுக்க வேண்டும். ஒதுக்கீடு சுற்றுச் சுற்றாக நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் பதில் தர இருப்பது சில நாள்தான். இடம் ஒதுக்கப்பட்டால் பள்ளியில் அசல் சான்றிதழ்களைக் காட்ட வேண்டும், மருத்துவப் பரிசோதனையிலும் தேற வேண்டும். கண், காது, பல் விஷயத்தில் சந்தேகம் இருந்தால் படிவம் போடும் முன்பே ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அசல் சரிபார்ப்பில் ஓபிசி சான்று மத்தியப் படிவத்தில் இல்லை என்று தெரிந்தால், அந்தப் பிரிவில் கிடைத்த இடம் நிற்காது. விடுதியோடு சேர்த்து ஆண்டுக் கட்டணம் ஒரு லட்சத்தைத் தாண்டும். பெற்றோர் வருமானத்தைப் பொறுத்து மாநில அரசின் உதவித்தொகை கிடைக்க வாய்ப்பு உண்டு, ஆகவே நேட்டிவிட்டிக்கு விண்ணப்பிக்கும் அன்றே வருமானச் சான்றிதழுக்கும் சேர்த்து விண்ணப்பித்துவிடுங்கள்.