டாட்டூ உள்ள மணிக்கட்டில் ஸ்மார்ட்வாட்ச் காட்டும் துடிப்பை எவ்வளவு நம்பலாம்?

ஸ்மார்ட்வாட்ச்சின் அடிப்பக்கத்தில் மின்னும் பச்சை விளக்குகள் இதயத்தை நேரடியாக அளப்பதில்லை. ஏறத்தாழ 530 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, அதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை மட்டுமே அருகிலுள்ள ஒளி உணரி பதிவு செய்கிறது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும் என்பதால், ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டின் நுண்ணிய நாளங்களில் ரத்தம் சற்றே கூடும்போது திரும்பும் ஒளி சற்றே குறைகிறது. இந்த ஏற்ற இறக்கம் மொத்த ஒளியில் பெரும்பாலும் ஓரிரு சதவீதம்தான். அத்தனை மெல்லிய மாற்றத்திலிருந்துதான் திரையில் தெரியும் எண் கணக்கிடப்படுகிறது.

டாட்டூவின் மை மேல்தோலில் இருப்பதில்லை. மேல்தோல் தொடர்ந்து உதிர்ந்து புதுப்பிக்கப்படுவதால் அங்கே மை நிலைக்காது. அது அதற்குக் கீழேயுள்ள அடித்தோலில், வாட்ச் கவனிக்க வேண்டிய நாளங்கள் இருக்கும் அதே ஆழத்தில் தங்கியிருக்கிறது. ஒளி உள்ளே போகும்போது ஒரு முறையும் வெளியே வரும்போது மறுமுறையும் அந்த மையைக் கடக்க வேண்டும். ஒரு கடத்தலில் பாதி ஒளி உறிஞ்சப்படுவதாக வைத்துக்கொண்டால், திரும்பி வருவது கால் பங்கு மட்டுமே. அதே சமயம், மையைத் தொடாமல் தோலின் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பும் ஒளி அப்படியே இருக்கிறது. அதில் துடிப்பைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை. ஆகவே வாட்ச் விளக்கின் பிரகாசத்தைக் கூட்டினாலும் பயனற்ற ஒளியும் சேர்ந்தே கூடுகிறது.

கார்பன் கலந்த கறுப்பு மை எல்லா நிறங்களையும் உறிஞ்சுவதால் அதுவே மிகுந்த தொல்லை தருவது. சிவப்பு மையும் பச்சை ஒளியை உறிஞ்சும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. 2015-ல் ஆப்பிள் வாட்ச் விற்பனைக்கு வந்ததும் டாட்டூ உள்ளவர்களிடமிருந்து புகார்கள் எழுந்தன. சில டாட்டூக்களின் மை, வடிவம், அடர்த்தி ஆகியவை உணரியின் ஒளியைத் தடுக்கக்கூடும் என்று அந்நிறுவனமே தெரிவித்தது. மெல்லிய கோடுகளாலான டாட்டூவில் உணரி வெறும் தோலின் மேல் அமர்ந்துவிட்டால் பிரச்சினை பெரும்பாலும் எழுவதில்லை. அடர்த்தியாக நிரப்பப்பட்ட பகுதிதான் சிக்கல்.

கடும் உடற்பயிற்சியில் தொல்லை வேறு விதமாக வருகிறது. கை வீசும்போது வாட்ச் தோலின் மேல் சற்றே நகர்கிறது, தோலுக்கடியில் ரத்தமும் குலுங்குகிறது. இவற்றால் ஒளியில் ஏற்படும் மாற்றம் துடிப்பால் ஏற்படுவதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கலாம். அதனால் வாட்ச் தன்னுள் இருக்கும் முடுக்கமானியைக் கொண்டு கையசைவின் தாளத்தைக் கண்டறிந்து, ஒளிப் பதிவிலிருந்து அந்தத் தாளத்தை நீக்க முயல்கிறது.

ஒருவர் நிமிடத்துக்கு 168 அடிகள் வைத்து ஓடுகிறார், அவரது இதயம் 145 முறை துடிக்கிறது என்று கொள்வோம். இரண்டு தாளங்களும் போதிய இடைவெளியில் இருப்பதால் 168-ஐ விலக்கி 145-ஐக் காட்ட முடியும். அவர் வேகத்தைக் கூட்டித் துடிப்பு 165-ஐ எட்டும்போது நிலைமை மாறுகிறது. எட்டு விநாடிப் பதிவை அலசிப் பார்க்கும் கணக்கில், நிமிடத்துக்கு ஏழெட்டுத் துடிப்புக்கும் குறைவான வேறுபாட்டைப் பிரித்தறிவது கடினம். அடிகளின் தாளத்தை நீக்கப்போனால் இதயத்தின் தாளமும் சேர்ந்து போய்விடும். நீக்காமல் விட்டால், பிறகு துடிப்பு 150-க்கு இறங்கினாலும் வாட்ச் 168-ஐயே பிடித்துக்கொண்டிருக்கலாம்.

டாட்டூவையும் பயிற்சியையும் தனித்தனியே மதிப்பிடுவது போதாது என்று நான் கருதுவது இதனால்தான். அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது, மை பலவீனப்படுத்திய துடிப்புக்கூட வாட்ச்சுக்குப் போதுமானதாக இருக்கலாம், ஏனெனில் போட்டிக்கு வேறு தாளம் இல்லை. ஓடத் தொடங்கியதும் அந்தப் பலவீனம் வெளிப்படுகிறது. ஓய்வில் சரியாகக் காட்டியது என்பது ஓட்டத்தில் சரியாகக் காட்டும் என்பதற்குச் சான்றாகாது.

வாட்ச் அடிகளின் தாளத்தைத்தான் காட்டுகிறதா என்று அறிய, ஓட்டத்தின் வேகத்தை மாற்றாமல் அடிகளைச் சற்று நீட்டி, எண்ணிக்கையைக் குறைத்துப் பார்க்கலாம். திரையில் உள்ள எண்ணும் உடனே அதே அளவு இறங்கினால் அது இதயத்தின் எண் அல்ல. ஓட்டத்தை நிறுத்தியதும் கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கி ஒப்பிடுவதும் நல்ல சோதனைதான், ஆனால் துடிப்பு வேகமாக இறங்கும் என்பதால் தாமதிக்கக் கூடாது.

டாட்டூ ஒரு கையில் மட்டும் இருந்தால் வாட்ச்சை மறுகைக்கு மாற்றி, மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே நகராதபடி கட்டினால் பெரும்பாலும் போதும். எடைப் பயிற்சியில் கைப்பிடியை இறுக்கும் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டில் தசைநார்கள் அசைந்து ரத்தம் விலகுவதால், அங்கே டாட்டூ இல்லாத கையும் ஏமாற்றும். இதயத்தின் மின்குறியை நேரடியாகப் பதிவு செய்யும் மார்புப் பட்டைக்கு ஒளியும் தேவையில்லை, மணிக்கட்டும் தேவையில்லை. இரு கைகளிலும் அடர்ந்த டாட்டூ உள்ளவர் துடிப்பின் அளவை வைத்துப் பயிற்சியைத் திட்டமிடுகிறார் என்றால், அதைத்தான் அணிய வேண்டும்.