சுங்குடி முடிச்சு: ஒரு நிமிட வீடியோவில் காணாமல் போகும் ஒன்றரை மணி நேரம்

மதுரைச் சுங்குடியை வீட்டிலேயே போடும் ஷார்ட்ஸ் வீடியோக்களுக்கெல்லாம் கிட்டத்தட்ட ஒரே அமைப்புதான். முதல் சில நொடிகளில் தேவையான பொருட்கள் திரையில் வரிசையாக வந்து நிற்கும். அப்புறம் கட்டுவது, நனைப்பது, முக்குவது, ஊறவைப்பது என்று வேகவேகமாக ஓடும். ஒவ்வொன்றின் மேலும் "20 நிமிடம்", "60 நிமிடம்" என்று எழுத்து மின்னும். கடைசியில் இரண்டு கை துணியைப் பிடித்து இழுக்கும். முடிச்சுகள் பட்பட்டென்று தெறிக்க, வெள்ளைப் புள்ளிகள் மலரும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மின்னி மறையும் அந்த நிமிடங்களில்தான் மொத்த வேதியியலும் நடக்கிறது.

சுமார் 100 கிராம் எடையுள்ள ஒரு காட்டன் துப்பட்டாவை எடுத்துக்கொள்வோம். அதற்கு வேண்டியவை: குளிர்ந்த நீரில் வேலை செய்யும் ரியாக்டிவ் சாயம் 3 கிராம், கல் உப்பு 100 கிராம், சோடா ஆஷ் 30 கிராம், 2 லிட்டர் தண்ணீர், கட்டுவதற்குப் பருத்தி நூல், ஒரு பிளாஸ்டிக் வாளி, கையுறை, முகக்கவசம். சாயப்பொடி மூக்கில் ஏறக்கூடாது என்பதற்காகத்தான் முகக்கவசம். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சோடா அதை அரித்துவிடும்.

இந்தப் பட்டியலில் அதிகம் பேர் சறுக்குவது சோடாவில்தான். "சோடா" என்று மட்டும் போட்டிருந்தால் அடுப்படியில் இருக்கும் ஆப்ப சோடாவை எடுத்துக் கொட்டிவிடுகிறார்கள். ஆப்ப சோடாக் கரைசலின் பிஹெச் 8 பக்கம்தான் நிற்கும். சாயம் துணியோடு சேர 10.5 முதல் 11 வரை வேண்டும். அதைக் கொடுப்பது சோடா ஆஷ், அதாவது நீரற்ற சோடியம் கார்பனேட். படிகமாக விற்கும் வாஷிங் சோடாவும் அதே பொருள்தான். ஆனால் அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதால் இரண்டரை மடங்குக்கு மேலேயே போட வேண்டியிருக்கும்.

துணி நூறு சதவீதம் பருத்தியாக இருக்க வேண்டும். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலானால் பருத்தி. உருகி நுனியில் கெட்டியான மணி திரண்டால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது, சாயம் வெளிறித்தான் பிடிக்கும். புதுத் துணியில் கஞ்சியும் இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது உடனே உள்ளே இறங்க வேண்டும். உருண்டு நின்றால் சோப்பும் கொஞ்சம் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து அலசிய பிறகுதான் மேற்கொண்டு வேலை.

இனி முடிச்சு. துணியை நகத்தின் நுனியால் கிள்ளி எடுத்து, அந்தக் கூம்பின் கழுத்தில் நூலை ஐந்தாறு சுற்று இறுக்கிச் சுற்றுகிறார்கள். நூல் அழுத்திய இடம் வெள்ளையாகத் தங்கும். நூலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நுனி சாயத்தைக் குடிக்கும். அதனால்தான் பிரித்தபின் வெள்ளை வளையமும் அதன் நடுவே ஒரு நிறப்பொட்டும் தெரிகிறது. சௌராஷ்டிரப் பெண்கள் ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் போட்ட முடிச்சு இதுதான். 2005-ல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பருத்தி நூல்தான் வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. நனைந்தால் பருத்தி இழை பருக்கும். முறுக்கிய நூலில் இழைகள் பருத்தால் நூலின் நீளம் சுருங்கும். கட்டியபோது இருந்ததைவிட முடிச்சு வாளிக்குள் இன்னும் இறுகுகிறது. நைலான் நூலில் இந்த உதவி அவ்வளவாகக் கிடைக்காது.

கட்டி முடித்ததும் சாயத்தில் போடுவதற்கு முன் துணியை வெறும் தண்ணீரில் பத்து நிமிடமாவது ஊறவைக்க வேண்டும். பல ஷார்ட்ஸ் இந்தப் படியையே வெட்டிவிடுகின்றன. உலர்ந்த துணியைச் சாயத்தில் போட்டால், இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகள் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும். சில நொடிகளில் அது நூலுக்கு அடியிலும் புகுந்துவிடும். அந்த இடைவெளிகளில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருந்தால் உறிஞ்சல் நடக்காது. சாய மூலக்கூறுகள் தண்ணீருக்குள் மெல்லப் பரவித்தான் உள்ளே வர வேண்டும். பரவலின் கணக்கு நமக்குச் சாதகமானது: இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். நூலின் சுற்றுகளைத் தாண்டி உள்ளே போகும் முன் வேலை முடிந்துவிடுகிறது. வளையத்தின் விளிம்பு கூர்மையாக வந்தால், ஊறவைத்தது சரியாக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து வாளி. சாயமும் உப்பும் முதலில், சோடா பிறகு. வரிசை மாறக்கூடாது. தண்ணீரில் பருத்தியின் மேற்பரப்பும் எதிர்மின் சுமை கொண்டது, சாயமும் அப்படியே. ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளலை மட்டுப்படுத்திச் சாயத்தை இழைக்குள் அனுப்புகிறது. திரையில் வரும் "20 நிமிடம்" இதற்குத்தான். இந்தக் கட்டத்தில் சாயம் உள்ளே உட்கார்ந்திருக்கிறதே தவிர ஒட்டவில்லை. எடுத்து அலசினால் பெரும்பகுதி போய்விடும்.

சோடாவைத் தனியாகக் கரைத்து, துணியை ஒதுக்கிவிட்டு ஊற்றுகிறோம். காரம் ஏறியதும் பருத்தியின் செல்லுலோசில் இருக்கும் ஹைட்ராக்சில் குழுக்கள் சில, ஹைட்ரஜனை இழந்து வினைக்குத் தயாராகின்றன. சாய மூலக்கூறில் இருக்கும் குளோரினை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் பிணைந்துகொள்கின்றன. இந்தப் பிணைப்பு சாதாரணத் துவையலுக்கு விடாது. பருத்திச் சாயத் தொழிலையே மாற்றிய இந்த வகைச் சாயம் 1956-ல்தான் சந்தைக்கு வந்தது.

இதில் ஒரு போட்டியும் உண்டு. காரத்தில் சாயம் துணியோடு மட்டுமல்ல, தண்ணீரோடும் வினைபுரியும். தண்ணீரோடு சேர்ந்த சாயம் செத்த சாயம். நிறம் இருக்கும், ஒட்டும் சக்தி இருக்காது. சோடாவை முதலிலேயே போட்டால் துணிக்குள் போகுமுன்னே நிறையச் சாயம் செத்துவிடும். மிச்சக் கரைசலை மூடிவைத்து நாளைக்குப் பயன்படுத்தலாம் என்பதும் இதனால்தான் நடக்காது. பார்க்க அடர்த்தியாகவே இருக்கும், புதுத் துணியைப் போட்டால் அலசலில் எல்லாம் ஓடிவிடும். சோடாவுக்குப் பிறகு 45 முதல் 60 நிமிடம் போதும். மதுரை மே மாத வெயிலில் தண்ணீர் தானாகவே வெதுவெதுப்பாக இருப்பதால் வினை வேகமாகவே நடக்கும், வாளியைச் சூடாக்க வேண்டியதில்லை.

கடைசியில் அந்த இழுப்பு. பெரும்பாலான வீடியோக்களில் ஈரத்தோடே பிரித்துக் காட்டுகிறார்கள். ஈரத் துணி எப்போதும் அடர்த்தியாகத் தெரியும். உலர்ந்த பருத்தியில் இழையும் காற்றும் சந்திக்கும் இடங்களில் ஒளி நன்றாகச் சிதறி வெள்ளை கலந்து வரும். காற்றின் இடத்தில் தண்ணீர் இருந்தால் சிதறல் குறைந்துவிடும். போதாக்குறைக்குச் செத்த சாயமும் இன்னும் துணிக்குள்ளேயே இருக்கிறது. காய்ந்ததும் "வீடியோவில் வந்த நிறம் வரவில்லையே" என்பார்கள். வீடியோவில் இருந்த துணிக்கும் அதே கதிதான்.

சரியான முறை, முடிச்சோடு முதலில் பச்சைத் தண்ணீரில் உப்பும் சோடாவும் போகும்வரை அலசுவது. அப்புறம் துணியை நிழலில் காயவைத்து இழுத்துப் பிரிக்கலாம். பிரித்த பிறகு நல்ல சூடான தண்ணீரில் கொஞ்சம் சோப்புப் போட்டு, தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி அலச வேண்டும். இங்கே அவசரப்பட்டு ஈரத் துணியைக் குவித்துவைத்தால் செத்த சாயம் வெள்ளை வளையங்களின் மேல் ஏறி, புள்ளிகள் அழுக்கு வெளிர்நிறமாகிவிடும். எல்லாம் போய்விட்டதா என்று பார்க்க, ஈரத் துணியை வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் இறங்கினால் இன்னும் ஒரு சுடுதண்ணீர் அலசல் பாக்கி.