113 பல் இல்லாத கியர் பெட்டி

அம்பத்தூர் எஸ்டேட்டில் நண்பரின் லேத் பட்டறை. திருகு போன்ற கியரான வார்ம் ஒன்றை 2 மாட்யூலில் வெட்ட வேண்டும் என்றார். வார்மின் பிட்ச் என்றால் மாட்யூலைப் பையால் பெருக்கியது, அதாவது 6.28319 மி.மீ. அவருடைய லேத்தில் வெட்டும் கருவியை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவின் பிட்ச் 6 மி.மீ. ஆக, ஸ்பிண்டில் ஒரு சுற்று சுற்றும்போது லீட் ஸ்க்ரூ 1.0471976 சுற்று சுற்ற வேண்டும். கியருக்குத் தசமம் புரியாது. பல்லின் எண்ணிக்கை முழு எண்தான். எந்தப் பின்னம்?

வழி எளிது. முழு எண்ணை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைத் தலைகீழாக்க வேண்டும். 1 போக மிச்சம் 0.0471976, தலைகீழாக்கினால் 21.1875. 21 போக மிச்சத்தைத் தலைகீழாக்கினால் 5.332. மறுபடி செய்தால் 3.01. கிடைத்த எண்கள் 1, 21, 5, 3. இதுதான் தொடர் பின்னம்.

இதிலிருந்து பின்னங்களைக் கட்டலாம். முதல் இரண்டு 1/1, 22/21. அப்புறம் ஒவ்வொரு முறையும் புது எண்ணால் கடைசிப் பின்னத்தின் மேலையும் கீழையும் பெருக்கி, அதற்கு முந்தையதைக் கூட்ட வேண்டும். மேலே 5×22+1=111, கீழே 5×21+1=106. அடுத்தது 355/339. கீழ் எண் அதே அளவோ சிறியதோ ஆன வேறு எந்தப் பின்னமும் இவற்றைவிட நெருங்கி வராது.

சரி, 22/21 போட்டால் என்ன? ஒரு பிட்சுக்கு 0.0025 மி.மீ. கூடும், பத்து பிட்சில் 0.025. 355/339 மிக நெருக்கம். ஆனால் 339 என்பது 3×113. 113 பகா எண், அந்தக் கியர் நண்பரிடம் இல்லை. 106-க்கு 53 பல் வேண்டும், அதுவும் இல்லை.

கணக்கு பல்லைப் பார்ப்பதில்லை. நாம்தான் பார்க்க வேண்டும். கடைசி எண்ணான 3-ஐ முழுதாகப் போடாமல் 1 என்று வைத்தால், 111+22=133, 106+21=127. 127 பல் கியர் இருக்கிறது! 25.4 மி.மீ. ஓர் அங்குலம் என்பதால், அங்குல மரைகளுக்காக வாங்கி வைத்தது. 133/127 என்பது 111/106 அளவுக்கு நெருக்கமில்லைதான். ஆனாலும் பிழை பிட்சுக்கு 0.0003 மி.மீ. மட்டுமே. மேலையும் கீழையும் 20-ஆல் பெருக்கினால் 70×38, 127×20. ஆக, ஓட்டும் பக்கம் 70, 38. ஓடும் பக்கம் 127, 20.

ஒரு எச்சரிக்கை. நண்பர் முதலில் 1.0472 என்று சுருக்கிப் போட்டபோது கடைசி எண் 3-க்குப் பதில் 2 வந்தது. 1.04715 முதல் 1.04725 வரை எதுவும் அந்தச் சுருக்கத்துக்குள் அடங்கும். இரு முனைகளையும் தனித்தனியே போட்டுப் பார்த்தோம்: 21 இரண்டிலும் வந்தது, அடுத்த எண் ஒன்றில் 4, மற்றதில் 6. இரண்டும் ஒத்துப்போகும் வரைதான் அந்த எண்களை நம்பலாம்.