படகை அழித்தால் யார் யார் போக வேண்டும்?

கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில்தான் இராமநாதபுரம் கடற்கரையில் படகுகள் கரையேறிப் பலகை மாற்றும், வண்ணம் பூசிக்கொள்ளும், சில கைமாறும். அப்படிக் கைமாறிய ஒரு படகை, கரையோர ஊரொன்றின் படகுச் சங்கத்தில் எழுத்தர் கணினிப் பதிவிலிருந்து நீக்கினார். சில நாள் கழித்து நிவாரணப் பட்டியலை அச்சிட்டபோது அந்தப் படகில் போய்வந்த ஓட்டுநரையும் ஆறு ஆட்களையும் காணவில்லை. படகின் பதிவோடு ஏழு மனிதர்களின் பதிவும் அழிந்திருந்தது. முந்தைய வாரத்துக் காப்புப் பிரதி இருந்ததால் மீட்க முடிந்தது.

மென்பொருளை எழுதிய இளைஞர்கள் நிரலில் பிழை தேடிக்கொண்டிருந்தார்கள். நிரலில் பிழை எதுவும் இல்லை. ஒரு பதிவை அழித்தால் அதைச் சார்ந்த பதிவுகளையும் சேர்த்து அழிக்கச் சொல்லும் `ON DELETE CASCADE` என்று தரவுத்தளத்தில் எழுதியிருந்தது, வகுப்பு வரைபடத்தில் வரைந்திருந்ததை அப்படியே பின்பற்றிய வரிதான். ஆகவே என்னிடம் கேட்டபோது வரைபடத்தைத்தான் முதலில் எடுத்து வைக்கச் சொன்னேன். அதன் மையப் பகுதி இது:

```
Boat --|> Trawler
Boat --|> CountryBoat
Boat "1" *-- "*" Fisher
Boat "1" *-- "1" Engine
AuctionBill --* BillLine
```

முதல் இரண்டு வரிகளும் மரபுரிமைக் கோடுகள். வெற்று முக்கோணம் எந்தப் பெட்டியைத் தொடுகிறதோ அதுவே பொது வகுப்பு. கோட்டின் மறுமுனையில் இருப்பது சிறப்பு வகுப்பு. இங்கே முக்கோணம் விசைப்படகின் மேல் விழுந்திருக்கிறது. அதன்படி வாசித்தால் "ஒவ்வொரு படகும் ஒரு விசைப்படகே" என்று வருகிறது. பாம்பன் கரையில் ஒரு வல்லத்தை, அதாவது நாட்டுப்படகைக் காட்டினாலே அந்த வாக்கியம் பொய்யாகிவிடும். தாய் வகுப்பிலிருந்து பிள்ளைக்கு ஏதோ இறங்கி வருவதாக எண்ணிக்கொண்டு அம்பையும் அந்தத் திசையிலேயே போடுவதால் இந்தப் பிழை நேர்கிறது. கோட்டை முக்கோணம் இல்லாத முனையிலிருந்து தொடங்கி, "ஒவ்வொரு … உம் ஒரு … தான்" என்று வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் உடனே அகப்பட்டுவிடும். இன்னொரு பக்கத்தில் உரிமையாளரையும் ஓட்டுநரையும் மீனவரின் பிள்ளை வகுப்புகளாக வரைந்திருந்தார்கள். சொந்தப் படகைத் தானே ஓட்டும் உரிமையாளர் இந்தக் கரையில் உண்டு. ஜாவா போன்ற மொழிகளில் ஒரு பொருள் உருவான பின் தன் வகுப்பை மாற்றிக்கொள்ள முடியாது என்பதால், ஒருவர் ஏற்று இறக்கி வைக்கும் பொறுப்புகளைத் தொடர்புக் கோட்டின் முனையில் பெயராக எழுதுவதே சரி.

ஏழு பேரை அழித்தது மூன்றாவது வரி. `*--` என்பது நிரப்பிய கறுப்புச் சாய்சதுரம், அதாவது கம்போசிஷன். அதற்கு, இந்த வரைபடக் குறிகளை வரையறுக்கும் யூஎம்எல் கொடுக்கும் பொருள் கறாரானது: ஒரு பகுதி ஒரே சமயத்தில் ஒரு முழுமைக்கு மேல் உரியதாக இருக்கக்கூடாது, முழுமை அழியும்போது அதில் இருக்கும் பகுதிகளும் சேர்ந்து அழியும். ஆகையால் சாய்சதுரம் உள்ள முனையில் எண்ணிக்கை 1 அல்லது 0..1 மட்டுமே வரலாம். அங்கே "பல" என்று பொருள்படும் நட்சத்திரக் குறி இருந்தால் வேறெதையும் பார்க்காமலே வரைபடம் தவறு என்று சொல்லிவிடலாம். இந்த வரைபடத்தில் 1 என்று எழுதியிருந்ததால் இலக்கணப் பிழை இல்லை. உண்மைதான் பொருந்தவில்லை. விசைப்படகு கடலுக்குப் போகாத நாளில் அதே ஆள் வேறொருவரின் வல்லத்தில் போகிறார். ஒருவருக்கு இரண்டு படகு என்று ஆனவுடன் அந்த 1 நட்சத்திரமாகிவிடும், நட்சத்திரமானவுடன் கறுப்புச் சாய்சதுரம் நிற்காது.

இந்தப் பிழை தமிழில் யோசிப்பவர்களிடம் அடிக்கடி வருவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டென்று நினைக்கிறேன். பாடநூல்கள் சொல்லித்தரும் "இருக்கிறதா" என்ற சோதனையை நாம் நம் மொழியில் போட்டுப் பார்க்கிறோம். "படகில் ஆள் இருக்கிறார்", "படகில் வலை இருக்கிறது", "சீட்டில் ஐந்து வரி இருக்கிறது" என்று மூன்றும் ஒரே அச்சில் வந்து விழுகின்றன. அந்த "இல்" என்ற உருபு இடத்தையும் சொல்லும், உறுப்பையும் சொல்லும். எனவே "இருக்கிறதா" என்று கேட்பதை விட்டுவிட்டு "அழித்தால் கூடவே போக வேண்டுமா" என்று கேட்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன்.

இயந்திரத்தைப் பற்றி இளைஞர்களுக்கும் எனக்கும் சற்று வாதம் நடந்தது. வண்டிக்கு இயந்திரம் என்பது கம்போசிஷனுக்குப் பாடங்களில் வரும் பழைய எடுத்துக்காட்டு. கரையிலோ இயந்திரத்தைக் கழற்றி இன்னொரு படகில் பொருத்துவதும் தனியாக விற்பதும் நடக்கிற காரியம். அதனால் மட்டும் கம்போசிஷன் தவறாகிவிடாது. முழுமையை அழிக்கும் முன் பகுதியைக் கழற்றி எடுத்துவிட்டால் அது பிழைத்துக்கொள்ளும் என்பதையும் யூஎம்எல் அனுமதிக்கிறது. சங்கத்துக்கு வேண்டியது குதிரைத்திறன் ஒன்றுதான் என்றால் அது படகின் ஒரு பண்பாக இருந்தால் போதும், தனிப் பெட்டியே வேண்டாம். இயந்திர எண்ணையும் அதன்மேல் உள்ள கடனையும் படகு போன பிறகும் வைத்திருக்க வேண்டுமென்றால் வெறும் தொடர்புக் கோடு. இவர்கள் கடன் கணக்கு வைத்திருந்தார்கள், ஆகவே கோடுதான்.

கறுப்புக்குப் பதிலாக அக்ரிகேஷன் எனப்படும் வெள்ளைச் சாய்சதுரம் போட்டுச் சமாளிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அதன் துல்லியமான பொருளை வரைபவருக்கே விட்டுவிடுகிறது யூஎம்எல் ஆவணம். படிப்பவருக்கு எதையும் உறுதியாகச் சொல்லாத குறியை நான் போடுவதில்லை.

கடைசி வரியில் உறவு சரி, முனை தவறு. ஏலச்சீட்டைக் கிழித்தால் அதிலுள்ள மீன் வகை, எடை, விலை கொண்ட வரிகளுக்குத் தனி வாழ்வு கிடையாது; இது உண்மையான கம்போசிஷன். ஆனால் சாய்சதுரம் வரியின் பக்கம் இருந்ததால், இறால் வரி ஒன்றை நீக்கினால் முழுச் சீட்டும் போய்விடும் என்று பொருளாகிறது. சாய்சதுரம் எப்போதும் முழுமையைத் தொட வேண்டும். முக்கோணம் பொதுவானதைத் தொடுவதும் சாய்சதுரம் முழுமையைத் தொடுவதும் தெரிந்துவிட்டால் திசைக் குழப்பம் பெரும்பாலும் தீரும். திருத்திய வரைபடம்:

```
Boat <|-- Trawler
Boat <|-- CountryBoat
Boat "1" -- "*" Trip
Trip "*" -- "1..*" Fisher : crew
Boat "0..1" -- "0..1" Engine
AuctionBill "1" *-- "1..*" BillLine
```

படகையும் ஆளையும் நேராகக் கட்டாமல் நடுவில் கடல்பயணத்தை வைத்ததற்குக் காரணம், எந்த நாளில் யார் எந்தப் படகில் போனார் என்பது பயணத்துக்கான டோக்கனில்தான் இருக்கிறது என்பதே. படகு விற்றால் பழைய பயணங்கள் அழியக்கூடாது என்பதால் அந்தக் கோட்டிலும் சாய்சதுரம் இல்லை. விற்ற படகை நீக்காமல் விற்ற தேதியைப் பதிகிறார்கள்.

வலையை வரைபடத்தில் எங்கே கட்டுவது என்பதில் மட்டும் எங்களுக்கு முடிவு வரவில்லை. எழுத்தரை அழைத்து, "அண்ணே, படகை அழிச்சா வலையும் கூடப் போயிரணுமா?" என்று கேட்டேன். "படகை வித்தா வலையை எதுக்கு சார் குடுக்குறாங்க? அது ஓனரு வீட்டுல கெடக்கும், அடுத்த படகுக்கு ஆகும்" என்றார். வலையின் கோட்டைப் படகிலிருந்து எடுத்து உரிமையாளரின் பெட்டிக்கு மாற்றினோம்.