காசோலை போட்ட பின் திரையில் இரண்டு இருப்புகள் ஏன்?

ஒருவருடைய சேமிப்புக் கணக்கில் 12,000 ரூபாய் இருக்கிறது. புதிய பங்கு வெளியீடு ஒன்றுக்கு அவர் விண்ணப்பித்திருப்பதால், அதில் 5,000 ரூபாயை வங்கி முடக்கி வைத்திருக்கிறது. திங்கட்கிழமை காலை, வேறொரு வங்கியின் 40,000 ரூபாய்க் காசோலையை அவர் தம் கிளையில் செலுத்துகிறார். சற்று நேரத்தில் செயலியைத் திறந்தால் லெட்ஜர் இருப்பு 52,000 என்றும், எடுக்கத்தக்க இருப்பு 7,000 என்றும் தெரிகிறது.

லெட்ஜர் இருப்பு, கணக்கில் எழுதப்பட்ட வரவு செலவுகளின் நிகரத் தொகை. காசோலையும் வரவாக எழுதப்பட்டுவிட்டதால் அது இதில் சேர்ந்துவிடுகிறது. எடுக்கத்தக்க இருப்போ, அதிலிருந்து பிடித்து வைத்த தொகைகளைக் கழித்துக் கிடைப்பது. இங்கே பிடித்தம் இரண்டு. அவற்றின் தன்மை வேறு. பங்குக்காக முடக்கிய 5,000 உண்மையாகவே கணக்கில் இருக்கும் பணம். காசோலையின் 40,000 இன்னும் வந்து சேராத பணம்.

அது வந்து சேரும் வழி இது: காசோலைத் தாள் பயணம் செய்வதில்லை, அதன் படமும் விவரங்களும், வங்கிகளுக்கிடையே காசோலைகளைப் பரிமாறிக் கணக்குத் தீர்க்கும் தீர்வகத்தின் வழியாகப் பணம் தர வேண்டிய வங்கிக்குச் செல்கின்றன. அந்த வங்கி கையெழுத்தையும் தேதியையும் எழுதியவரின் கணக்கில் பணம் உள்ளதா என்பதையும் பார்த்து, ஏற்கிறது அல்லது திருப்புகிறது. இந்தியாவில் 2025 அக்டோபர் 4 முதல், பகலில் காசோலைகள் தொடர்ச்சியாக அனுப்பப்படுகின்றன. இரவு 7 மணிக்குள் பதில் வராதவை ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்ற ஏற்பாடு அப்போது நடைமுறைக்கு வந்தது.

காசோலை திரும்பினால் லெட்ஜர் இருப்பு 12,000 ஆகக் குறையும்; எடுக்கத்தக்க இருப்பு அதே 7,000 ஆகவே நிற்கும். பிடித்தத்தின் நோக்கமே இதுதான். அது இல்லாமல் அவர் 30,000 ரூபாயை எடுத்திருந்தால், காசோலை திரும்பியதும் கணக்கு 18,000 ரூபாய் பற்றில் விழுந்திருக்கும். அதை வசூலிக்கும் பாரம் வங்கியின் தலையில் விழும்.

லெட்ஜர் எண்ணை நம்பி இவர் பிறருக்கு 20,000 ரூபாய்க் காசோலை கொடுத்து, அது அன்றே வங்கிக்கு வந்தால் திரும்பிவிட வாய்ப்புண்டு. செலுத்திய காசோலை தீர்வாகாததே காரணம் என்றால், மீண்டும் தாக்கல் செய்யுமாறு குறிப்பிட்டுத் திருப்புவதற்கென வங்கிகளிடம் தனிக் குறிப்பே உண்டு. ஆகவே செலவுக்குப் பார்க்க வேண்டியது எடுக்கத்தக்க இருப்பையே.

எல்லா வங்கிகளும் ஒரே முறையைக் கையாள்வதில்லை. சில வங்கிகள் பணம் வந்த பிறகே வரவு எழுதுகின்றன. அதுவரை காசோலைத் தொகை தனி வரியில் நிற்கும், லெட்ஜரும் 12,000 என்றே இருக்கும். மிகைப்பற்று வரம்பு உள்ள கணக்குகளில் அந்த வரம்பையும் சேர்த்துக் காட்டும்போது, எடுக்கத்தக்க இருப்பு லெட்ஜர் இருப்பைவிடக் கூடுதலாகவும் தெரியலாம். அந்தக் கூடுதல் பகுதி வாடிக்கையாளரின் பணமன்று, வட்டியோடு திருப்பிச் செலுத்த வேண்டிய கடன்.