நிறத்தைச் சொல்லும் இடைவெளி, ஒளியைச் சொல்லாத இடைவெளி

ஒளி உமிழும் டையோடு ஒன்று என்ன நிறத்தில் எரியும் என்பதை அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் குமிழ் தீர்மானிப்பதில்லை. நிறமற்ற கண்ணாடி போன்ற குமிழுக்குள் இருந்தும் சிவப்பு வரும். உள்ளே இருக்கும் மணலளவு படிகத்தில் எலக்ட்ரான்கள் எவ்வளவு ஆற்றலை இழக்கின்றன என்பதில்தான் நிறம் இருக்கிறது.

குறைக்கடத்திப் படிகத்தில் எலக்ட்ரான்கள் நினைத்த ஆற்றலில் இருந்துவிட முடியாது. அணுக்களோடு பிணைந்திருக்கும் எலக்ட்ரான்களுக்கு ஓர் ஆற்றல் பட்டை. படிகமெங்கும் உலவும் எலக்ட்ரான்களுக்கு அதற்கு மேலே இன்னொரு பட்டை. இரண்டுக்கும் நடுவே எந்த எலக்ட்ரானும் தங்க முடியாத வெற்றிடம் உண்டு. அதுதான் பட்டை இடைவெளி. டையோடில் மின்னோட்டம் பாயும்போது ஒரு பக்கத்திலிருந்து எலக்ட்ரான்களும் மறுபக்கத்திலிருந்து துளைகளும், அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடங்களும், சந்திக்குமிடத்தில் வந்து சேர்கின்றன. மேல் பட்டையின் எலக்ட்ரான் கீழ்ப் பட்டையின் காலியிடத்தில் விழுகிறது. விழும்போது இழக்கும் ஆற்றல் ஒரே ஃபோட்டானாக வெளியேறினால், அதன் அலைநீளத்தைக் கணக்கிட ஒரு வகுத்தல் போதும்:

λ = hc / E

பிளாங்க் மாறிலியையும் ஒளியின் வேகத்தையும் பெருக்கி, ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட்டிலும் அலைநீளத்தை நானோமீட்டரிலும் வைத்துக்கொண்டால், மேலே உள்ள hc ஏறத்தாழ 1240 ஆகிவிடுகிறது. காலியம் ஆர்சனைடின் இடைவெளி அறை வெப்பநிலையில் 1.42 எலக்ட்ரான் வோல்ட். 1240-ஐ 1.42-ஆல் வகுத்தால் 873 நானோமீட்டர். இது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. இடைவெளி பெரிதானால் அலைநீளம் குறையும். நிறம் சிவப்பிலிருந்து நீலத்தை நோக்கி நகரும்.

அப்படியென்றால் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு வேண்டுபவர் காலியம் ஆர்சனைடின் இடைவெளியைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் போதும். ஆர்சனிக் அணுக்களில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அங்கே பாஸ்பரஸ் அணுக்களை வைத்தால் அது நடக்கும். 1962-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைப் பெற்றது இந்தக் கலவையில்தான். பாஸ்பரஸின் பங்கை x என்று வைத்தால், இடைவெளி ஏறத்தாழ இப்படி வளர்கிறது:

E = 1.424 + 1.150x + 0.176x²

பத்தில் நான்கு பங்கு பாஸ்பரஸ் என்று எடுத்துக்கொள்வோம். 1.424-உடன் 0.460-ம் 0.028-ம் சேர்ந்து 1.912 எலக்ட்ரான் வோல்ட். வகுத்தால் 649 நானோமீட்டர். அடர்ந்த சிவப்பு. பல ஆண்டுகள் கருவிகளில் எரிந்த பழைய சிவப்பு விளக்குகளில் இருந்தது கிட்டத்தட்ட இந்தக் கலவைதான்.

ஏன் நான்கோடு நின்றார்கள்? மனிதக் கண் 650 நானோமீட்டரில் மந்தமானது. ஆரஞ்சை நோக்கி நகர்ந்தால் அதே அளவு ஒளி இன்னும் பிரகாசமாகத் தெரியும். பாஸ்பரஸைக் கூட்டிக்கொண்டே போய் ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று இறங்கியிருக்கலாமே என்று தோன்றும். சூத்திரம் தடுக்கவில்லை. தடுத்தது உந்தம்.

எலக்ட்ரானுக்கு ஆற்றல் மட்டுமல்ல, படிகத்துக்குள் ஓர் உந்தமும் உண்டு. காலியம் ஆர்சனைடில் மேல் பட்டையின் மிகத் தாழ்வான இடமும் கீழ்ப் பட்டையின் மிக உயர்ந்த இடமும் ஒரே உந்தத்தில் அமைந்திருக்கின்றன. எலக்ட்ரான் நேராக விழலாம். இதை நேரடி இடைவெளி என்பார்கள். காலியம் பாஸ்பைடில் அப்படியில்லை: மேல் பட்டையின் தாழ்வான இடம் வேறோர் உந்தத்தில் தள்ளிக் கிடக்கிறது. அங்கே தேங்கும் எலக்ட்ரான் கீழே வர, அந்த உந்த வேறுபாட்டை யாரிடமாவது ஒப்படைத்தாக வேண்டும். ஃபோட்டானால் அதைச் சுமக்க முடியாது. படிகத்தில் அந்த வேறுபாடு அரை நானோமீட்டரைச் சற்றே தாண்டும் ஓர் அலைக்குரியது. பச்சை ஒளியின் அலையோ 550 நானோமீட்டர். உந்தம் அலைநீளத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், ஃபோட்டான் கொண்டுபோவது தேவையில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. மீதியை அணுக்களின் அதிர்வு ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒளியும் அதிர்வும் ஒரே நேரத்தில் ஒத்துழைப்பது அரிது. அதற்குள் எலக்ட்ரான் ஏதாவது படிகக் குறையில் சிக்கி, தன் ஆற்றலை வெப்பமாக விட்டுவிடுகிறது. சிலிக்கான் டையோடு விளக்காகப் பயன்படாததற்கும் இதே காரணம்தான், 1.12 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி இருந்தும் அது அகச்சிவப்பில் மிக மங்கலாகவே ஒளிர்கிறது.

ஆர்சனைடு, பாஸ்பைடு கலவையில், இடைவெளி நேரடியாக இருப்பதை விட்டு காலியம் பாஸ்பைடைப் போல ஆகும் மாற்றம் பாஸ்பரஸ் 45 விழுக்காட்டைத் தொடும் அளவில் நிகழ்கிறது. சூத்திரப்படி அது 627 நானோமீட்டர் அருகில். அந்த எல்லை சுவர் போன்றதல்ல. நெருங்க நெருங்க எலக்ட்ரான்கள் தள்ளிக் கிடக்கும் அந்தப் பள்ளத்துக்கு ஒழுக ஆரம்பித்துவிடும். ஆகவே பாஸ்பரஸைக் கூட்டினால் கண்ணுக்கு லாபம், ஒளிக்கு நஷ்டம். இரண்டின் பெருக்கல் உச்சத்தில் இருப்பது 40 விழுக்காட்டின் அருகில். அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தது இயற்பியலும் கண்ணும் சேர்ந்துதான்.

பச்சைக்கு வேறு வழி கண்டுபிடித்தார்கள். என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மிக அழகான தந்திரம் இதுதான். காலியம் பாஸ்பைடில் சில பாஸ்பரஸ் அணுக்களுக்குப் பதிலாக நைட்ரஜனை வைத்தார்கள். நைட்ரஜன் அணு எலக்ட்ரானை மிகச் சிறிய இடத்தில் பிடித்துவைக்கிறது. குவாண்டம் விதிப்படி, இடம் குறுகினால் உந்தம் பரவும். பரவிய உந்தத்தின் ஒரு பகுதி நேராக விழுவதற்கு ஏற்றதாக இருப்பதால், அதிர்வின் தயவு இல்லாமலே ஃபோட்டான் பிறக்கிறது. இங்கே கணக்கில் ஒரு சிறு துண்டு விழும். காலியம் பாஸ்பைடின் இடைவெளி 2.26 எலக்ட்ரான் வோல்ட். வகுத்தால் 549 நானோமீட்டர் வர வேண்டும். உண்மையில் வருவது 565 அருகில் உள்ள மஞ்சள் கலந்த பச்சை, அதாவது 2.19 எலக்ட்ரான் வோல்ட். பிடிபட்ட எலக்ட்ரான் ஏற்கெனவே இடைவெளியின் விளிம்புக்குக் கீழே இறங்கி நிற்பது ஒரு காரணம்.

டையோடின் ஒளியிலிருந்து இடைவெளியைப் பின்னோக்கிக் கணக்கிடும் ஆய்வகப் பயிற்சிகளில் மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான். நைட்ரஜன் சேர்த்த பச்சை டையோடின் அலைநீளத்தை அளந்து 1240-ஐ வகுத்தால் கிடைப்பது படிகத்தின் இடைவெளி அல்ல. அணு ஒன்றின் பிடியிலிருந்து விழுந்த தூரம். நேரடி இடைவெளி உள்ள டையோடிலும் ஒரே அலைநீளம் வராது. வெப்பத்தால் எலக்ட்ரான்கள் பட்டையின் அடியில் மட்டும் நிற்காமல் சற்று மேலேயும் பரவியிருக்கும். அறை வெப்பநிலையில் காலியம் ஆர்சனைடின் ஒளி அதனால் 30 நானோமீட்டர் அளவுக்கு அகன்றிருக்கும். உச்சமும் இடைவெளிக்குரிய இடத்தைவிடச் சற்றே அதிக ஆற்றலில் அமையும்.

இடைவெளியும் நிலையாக நிற்பதில்லை. சூடேறினால் அணுக்கள் விலகி அதிகம் அதிர, இடைவெளி சுருங்குகிறது. அறை வெப்பநிலையில் 1.42 ஆக இருக்கும் காலியம் ஆர்சனைடின் இடைவெளி, திரவ நைட்ரஜனின் குளிரில் 1.51 ஆக விரிகிறது. அலைநீளம் 873-இலிருந்து 821-க்கு வந்துவிடும். ஆகவே அளப்பவர் மின்னோட்டத்தைக் குறைவாக வைத்துக்கொள்வது நல்லது. அதிக மின்னோட்டத்தில் படிகமே சூடாகி, அளந்துகொண்டிருக்கும்போதே உச்சம் சிவப்புப் பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கும். மின்னோட்டத்தை மாற்றி மாற்றி உச்சத்தைக் குறித்தால் அந்த நகர்வு தெரிந்துவிடும். சிறு துடிப்புகளாக மின்னோட்டம் செலுத்தினால் படிகம் சூடேற நேரம் கிடைக்காது.