விளைவு நிரப்பி: தேடினேன் என்றால் கிடைத்தது என்று அர்த்தமில்லை

சீன மொழி (மாண்டரின்) படிக்கிறவர்களுக்கு இரண்டாவது மூன்றாவது மாதத்தில் ஒரு சொல் வந்து சேரும். ஜியெகுவோ பூயூ. ஆங்கிலப் பாடநூல்களில் 'ரிசல்டேட்டிவ் காம்ப்ளிமென்ட்' என்று இருக்கும். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், விஷயம் எளிமையானது. சீனத்தில் வினைச்சொல் பெரும்பாலும் முயற்சியை மட்டும்தான் சொல்லும். அந்த முயற்சி பலித்ததா என்பதைச் சொல்ல, வினைக்குப் பின்னால் இன்னொரு சொல்லை ஒட்ட வேண்டும். அந்த ஒட்டுச் சொல்தான் ஜியெகுவோ பூயூ.

(உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் தோராயமாகத்தான் தர முடியும், தொனிகளை விட்டுவிட்டேன். சொற்கள் சேருமிடம் தெரிய நடுவில் கோடு போட்டிருக்கிறேன்.)

சாவியைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற ஆளை எடுத்துக்கொள்வோம். தேடுவதற்குச் சீனத்தில் 'ஜாவ்'. நடந்து முடிந்ததைக் காட்டும் 'ல' சேர்த்து 'ஜாவ் ல' என்றால் 'தேடினேன்', அவ்வளவுதான். சாவி கிடைத்ததா என்று அதிலிருந்து தெரியாது. 'போய்ச் சேர்' என்ற பொருளுள்ள 'தாவ்' பின்னால் வந்து 'ஜாவ்-தாவ் ல' என்று ஆனால்தான் கிடைத்துவிட்டது. ஆகவே 'ஜாவ் ல பான்தியென், மெய் ஜாவ்-தாவ்' என்ற வாக்கியத்தில் எந்த முரணும் இல்லை: ரொம்ப நேரம் தேடினேன், கிடைக்கவில்லை. இதில் 'மெய்' என்ற மறுப்பு தேடலை மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தேடியது தேடியதுதான், கைக்கு எட்டியதைத்தான் அது மறுக்கிறது. ஒட்டுச் சொல்லை மாற்றினால் கதையும் மாறும். 'முடி' என்ற பொருளுள்ள 'வான்' சேர்த்து 'ஜாவ்-வான் ல' என்றால் தேடி முடித்தாயிற்று, எல்லா இடமும் பார்த்தாயிற்று, ஆனால் சாவி கிடைத்ததா என்பது இன்னும் தெரியாது. 'தவறு' என்ற பொருளுள்ள 'ட்சுவோ' சேர்த்தால் தப்பான ஒன்றைத் தேடியிருக்கிறார் என்று ஆகும்.

கேட்பதும் பார்ப்பதும் இப்படியேதான். 'திங்' என்றால் காது கொடுப்பது. 'திங்-ஜியென்' என்றால் சத்தம் காதில் விழுந்தது. 'திங்-தோங்' என்றால் கேட்டது புரிந்தது. ஆக ஒரு சீனர் 'திங் ல, மெய் திங்-தோங்' என்று சொன்னால் கேட்டார், புரியவில்லை என்று பொருள். 'கான்' பார்ப்பது, 'கான்-ஜியென்' கண்ணில் பட்டது. இந்த 'ஜியென்' கண், காது, மூக்கு மாதிரி புலன்களோடும் கனவு, எதிர்ப்படுதல் மாதிரி சில வினைகளோடும் மட்டும் வரும். 'தாவ்' அப்படியில்லை, தேடுவது, வாங்குவது, நினைப்பது என்று பல வினைகளோடு சேரும்.

இப்போது பெயருக்கு வருவோம். 'ஜியெகுவோ' இரண்டு எழுத்தாலானது. 'ஜியெ' என்றால் முடிச்சிடு, மரத்தைப் பற்றிப் பேசும்போது காய் பிடி. 'குவோ' என்றால் பழம். காய்த்துப் பழுத்தது, அதாவது விளைவு. 'பூயூ'வில் 'பூ' என்பது கிழிந்த துணியை ஒட்டுப்போட்டுத் தைப்பது, அதன் எழுத்தின் இடப்பக்கத்தில் இன்றும் துணியைக் குறிக்கும் உறுப்பு இருக்கிறது. குறையை நிரப்புவது என்று பொருள் விரிந்தது. 'யூ' சொல். இந்த 'பூ' இலக்கணத்துக்குள் வந்த வழி கொஞ்சம் சுற்றுவழி. 1924-இல் லி ஜின்ஷி எழுதிய சீன இலக்கண நூலில் 'பூட்சுயூ' என்று ஒரு கலைச்சொல் வருகிறது, அது ஆங்கில இலக்கணத்தின் 'காம்ப்ளிமென்ட்' என்பதன் மொழிபெயர்ப்பு. பிறகு 1950-களில் சீனப் பள்ளி இலக்கணத்தை ஒழுங்குபடுத்தியபோது 'பூயூ' என்பது வினைக்குப் பின்னால் வந்து அதை நிறைவாக்கும் சொல் என்று வேறொரு வேலைக்குப் பெயராக நின்றுவிட்டது. அதனால் ஆங்கில இலக்கணம் படித்தவர்கள் 'காம்ப்ளிமென்ட்' என்ற சொல்லை வைத்து இதைப் புரிந்துகொள்ளப் போனால் குழம்புவார்கள், இரண்டும் வேறு. இடையில் வாங் லி என்ற இலக்கண அறிஞர் 1940-களில் இதே அமைப்புக்கு 'ஷிசெங்ஷி' என்று பெயர் வைத்தார், 'ஆகச் செய்யும் அமைப்பு' என்று சொல்லலாம். என்னைக் கேட்டால் அதுதான் உள்ளே நடப்பதை நேராகச் சொல்லும் பெயர், ஆனால் வகுப்பறையில் 'பூயூ'தான் வென்றது.

பெயர் இருபதாம் நூற்றாண்டுடையது, அமைப்பு ரொம்பப் பழையது. ஆனால் ஆதியிலேயே இருந்ததும் இல்லை. கன்பூசிய நூலான 'தாஷுவெ'யில் ஒரு வரி உண்டு: மனம் அங்கே இல்லையென்றால் 'ஷி அர் பு ஜியென், திங் அர் பு வென்'. பார்த்தும் காண்பதில்லை, செவிகொடுத்தும் கேட்பதில்லை. இங்கே முயற்சிக்கு ஒரு வினை (ஷி, திங்), பலித்ததற்கு வேறொரு வினை (ஜியென், வென்), இரண்டுக்கும் நடுவில் 'அர்' என்ற இணைப்புச் சொல். இரண்டும் தனித்தனியாகத் தம் காலில் நிற்கின்றன. பிற்காலத்தில் இணைப்புச் சொல் போய், இரண்டு வினையும் நெருங்கி ஒட்டி, இரண்டாவது வினை முதலாவதற்குத் துணையாகச் சுருங்கியது. தாங் அரச காலத்தில் (618–907) இந்த அமைப்பு நன்றாக நிலைபெற்றுவிட்டது. பழைய வரியில் 'கேட்கப்பட்டது' என்று நின்ற 'வென்' இன்றைய பேச்சில் 'மோந்து பார்' என்று ஆகிவிட்டது, அது தனிக் கதை.

ஏன் ஒட்டினார்கள்? மெய் ட்ஸூ-லின் போன்ற அறிஞர்கள் தரும் விளக்கம் தமிழ் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். நமக்குத் திருந்து–திருத்து, ஆடு–ஆட்டு என்று தன்வினையும் பிறவினையும் ஒலி மாற்றத்தால் பிரிகின்றன அல்லவா, பழஞ்சீனத்திலும் அப்படிச் சில இணைகள் இருந்தன. 'தோற்கடி' என்பதும் 'தோற்றுப்போ' என்பதும் ஒரே எழுத்து, முதல் ஒலி மட்டும் வேறு. நமது 'ஜியென்' கூட அப்படித்தான், 'காண்' என்பதற்கு ஓர் ஒலி, 'தோன்று' என்பதற்கு இன்னொன்று. காலப்போக்கில் இந்த ஒலி வேறுபாடுகள் பல தேய்ந்து மறைந்தன. செய்ததையும் ஆனதையும் ஒரே வினைக்குள் வேறுபடுத்திக் காட்ட வழி இல்லாமல் போனபோது, செய்ததற்கு ஒரு சொல், ஆனதற்கு ஒரு சொல் என்று இரண்டாகப் போட்டுப் பேசினார்கள் என்கிறது இந்த விளக்கம்.

இதன் எல்லைக்குப் போனால் ஒரு பிரபலமான உதாரணம் இருக்கிறது. 'கொல்' என்பதற்கு இன்றைய சீனத்தில் 'ஷா'. 1984-இல் ஜேம்ஸ் தாய் என்ற மொழியியலாளர் ஒரு கட்டுரையில், ஒருவன் இன்னொருவனை இரண்டு முறை 'ஷா' செய்தான், இருந்தும் அவன் சாகவில்லை என்று சீனத்தில் சொல்லலாம் என்று காட்டினார். 'ஷா-ஸு' (ஸு என்றால் சா) என்று சொன்னால் மட்டும் அப்படித் தப்ப முடியாது. 'ஷா' விஷயத்தில் எல்லாச் சீனர்களும் இதை ஒத்துக்கொள்வதில்லை, சிலருக்கு அந்த வாக்கியம் உறுத்துகிறது. ஆனால் தேடுவது, கேட்பது, படிப்பது போன்ற சாதாரண வினைகளில் சர்ச்சையே கிடையாது.

'இது என்ன விசித்திரம்' என்று நினைக்கும் முன் நம் வாயைக் கொஞ்சம் கவனிக்கலாம். 'எழுப்பினேன், எழுந்திருக்கவில்லை' என்று தினமும் எத்தனை வீட்டில் சொல்கிறார்கள்! 'தேங்காயை உடைத்தேன், உடையவில்லை' என்றாலும் யாரும் சண்டைக்கு வருவதில்லை. எரிக் பீடர்சன் என்ற மொழியியலாளர் தமிழ் வினைகளின் இந்தக் குணத்தைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார். ஆனால் 'உடைத்துவிட்டேன், உடையவில்லை' என்று சொல்லிப் பாருங்கள், ஒட்டாது. 'விடு' வந்தவுடன் கதவு மூடிக்கொள்கிறது. அந்த அளவில் நமது 'விடு' சீனத்தின் 'தாவ்', 'வான்' ஆகியவற்றுக்குப் பக்கத்துவீட்டுக்காரர்.

அப்படியானால் தமிழில் இதைத் 'துணைவினை' என்றே சொல்லிவிடலாமா? கூடாது என்று நினைக்கிறேன். 'விடு' எந்த வினையோடும் சேர்ந்து ஒரே மாதிரி 'ஆயிற்று' என்கிறது, என்ன ஆயிற்று என்று சொல்வதில்லை. சீனத்து ஒட்டுச் சொல் புரிந்ததா, எட்டியதா, தப்பாகிவிட்டதா, வயிறு நிறைந்ததா என்று விளைவின் வகையையே சொல்கிறது, அதில் பாதி பெயரடைகள், வினைகூட இல்லை. 'பலன்' என்று தொடங்கலாம், அதுவும் பழத்திலிருந்து வந்த சொல்தான், 'குவோ'வுக்கு அச்சாகப் பொருந்தும். ஆனால் இன்றைய தமிழில் பலன் என்றால் நல்லது என்ற சாய்வு வந்துவிட்டது, தப்பாக எழுதியதையும் அடித்துக் கொன்றதையும் பலன் என்று சொல்ல மனம் வராது. 'விளைவு' நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுநிலை, அதோடு வயலில் விளைவதும் அதே சொல். எனவே 'விளைவு நிரப்பி'. 'நிரப்பி' என்றால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என்பது போல ஒரு தொனி வருவது உண்மை, அதற்கு மேல் நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் மாற்றிக்கொள்ளலாம்.

தமிழர் இதில் எங்கே வழுக்குவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நமது 'பார்த்தேன்' ரொம்பத் தாராளமான சொல், உற்றுப் பார்த்ததும் கண்ணில் பட்டதும் சந்தித்ததும் அதற்குள் அடங்கும். அதனால் 'நேற்று அவரைத் தெருவில் பார்த்தேன்' என்பதை 'கான் ல' என்று பெயர்த்துவிடுவோம். சீனர் காதுக்கு அது அவரை நோக்கிப் பார்வையைச் செலுத்தியது போல ஒலிக்கும், தற்செயலாகக் கண்ணில் பட்டதற்கு 'கான்-ஜியென் ல' வேண்டும். அடுத்தது மறுப்பு. 'பார்க்கவில்லை' என்பதற்கு 'பு' என்ற இன்னொரு மறுப்புச் சொல்லை முன்னால் வைத்து 'பு கான்-ஜியென்' என்று வராது, 'மெய் கான்-ஜியென்' என்றுதான் வரும். 'பு' வேண்டுமென்றால் நடுவில் நுழையும்: 'கான்-பு-ஜியென்'. அப்போது பொருள் 'கண்ணுக்குத் தெரியாது, பார்க்க முடியாது' என்று மாறிவிடும். போன் சரியாகக் கேட்காதபோது சீனர்கள் 'திங்-த-ஜியென் மா?' (கேட்குதா?) என்பதும், மறுமுனையில் 'திங்-பு-ஜியென்' (கேட்கல) என்பதும் இந்த நடுவில் நுழையும் வடிவம்தான். சாவிக்காரர் 'மெய் ஜாவ்-தாவ்' என்றால் இதுவரை கிடைக்கவில்லை, நாளைக்குக் கிடைக்கலாம். 'ஜாவ்-பு-தாவ்' என்றால் எவ்வளவு தேடினாலும் அகப்படமாட்டேன் என்கிறது. அப்புறம், 'கொண்டிருக்கிறேன்' என்ற பொருள் தரும் 'ட்ஸாய்' இந்த நிரப்பியோடு சேராது. தேடிக்கொண்டிருக்கலாம், 'ஜாவ்-தாவ்' செய்துகொண்டிருக்க முடியாது, எட்டுவது ஒரு நொடியில் நடப்பது.

முடித்தது என்பதிலும் இரண்டு வகை உண்டு. 'வான்' வேலை தீர்ந்தது என்று மட்டும் சொல்லும், 'நல்ல' என்ற பொருளுள்ள 'ஹாவ்' வேலை தயாராகிவிட்டது, கொடுக்கலாம் என்று சொல்லும். எழுதுவது 'ஷியெ'. மேலதிகாரி அறிக்கையைக் கேட்கும்போது 'ஷியெ-வான் ல, ஹாய் மெய் ஷியெ-ஹாவ்' என்று தாராளமாகப் பதில் சொல்லலாம்: கடைசி வரி வரை எழுதியாயிற்று, ஆனால் இன்னும் திருத்த வேண்டியது இருக்கிறது.